பால் கொடுக்கும்போது பீரியட்ஸ் வராதா? டெலிவரிக்குப் பிறகு கணக்கு தப்புவது எங்கே?

போனில் இருக்கும் பீரியட்ஸ் ஆப் ‘17 நாள் தாமதம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. மடியில் ஏழு மாதக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் கேட்டால், “பால் குடுக்குறவளுக்கு அப்படித்தான் இருக்கும், விடு” என்கிறார். தோழியிடம் கேட்டால், “எனக்கு இப்படித்தான் ஆச்சு, கடைசியில பார்த்தா கன்சீவ் ஆகியிருந்தேன்” என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். சிக்கலே அங்குதான். பால் கொடுக்கும் காலத்தில் பீரியட்ஸ் தள்ளிப்போவதும், வந்த பிறகு தாறுமாறாக வருவதும் பெரும்பாலும் இயல்பானவை. ஆனால் ‘பீரியட்ஸ் வரலை, அதனால கர்ப்பம் ஆகாது’ என்பது குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் கணக்கு. அந்த எல்லை எந்த நாளில் தாண்டப்படுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

முதலில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பால் சுரப்பது அல்ல, குழந்தை உறிஞ்சுவதுதான் காரணம்

பீரியட்ஸ் வர வேண்டுமென்றால் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, சீரான இடைவெளியில் ஒரு ஹார்மோன் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு தாளம் மாதிரி. அந்தத் தாளம் சரியாக விழுந்தால்தான் சினைப்பையில் கருமுட்டை வளரும், வெடித்து வெளியே வரும்.

குழந்தை மார்பில் வாய் வைத்து உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டுகிறது. கூடவே மேலே சொன்ன தாளத்தைக் குலைத்தும் விடுகிறது. தாளம் குலைந்தால் முட்டை வளர்வதில்லை, பீரியட்ஸும் வருவதில்லை.

இங்கே எவ்வளவு பால் வருகிறது என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் குழந்தை உறிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். ஆப்பிரிக்காவின் காலஹாரி பாலைப் பகுதியில் வாழும் குங் மக்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1980ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அங்கே தாய்மார்கள் குழந்தையை உடம்போடு வைத்துக்கொண்டே திரிவார்கள். ஒரு மணி நேரத்திலேயே பலமுறை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடங்கள் மட்டும் பால் கொடுப்பார்கள். எந்தக் கருத்தடையும் இல்லாமலேயே அவர்களிடம் ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையே சராசரியாக 44 மாதங்கள் இருந்தன.

பாட்டிகள் சொல்லும் ‘பால் குடுக்குற வரைக்கும் வராது’ என்பதும் இந்த மாதிரி நாள் முழுக்கப் பால் கொடுத்த காலத்து அனுபவம்தான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபீட், இரவில் நீண்ட தூக்கம், பகலில் அலுவலகம் என்று இருக்கும் வாழ்க்கைக்கு அது அப்படியே பொருந்தாது.

மூன்று நிபந்தனை, மூன்றும் சேர்ந்து

1988ல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் இந்தத் துறை ஆய்வாளர்கள் கூடி, பால் கொடுப்பது எப்போது கருத்தடையாக வேலை செய்யும் என்று ஒரு வரையறை வகுத்தார்கள். இந்திய அரசின் குடும்ப நலத் திட்டத்திலும் அது ‘லாம்’ முறை என்ற பெயரில் இடம்பெறுகிறது.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. டெலிவரிக்குப் பிறகு பீரியட்ஸ் வந்திருக்கக் கூடாது. குழந்தை தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறக்குறைய தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும். அதிலும் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால், ஆறு மாதத்தில் கர்ப்பமாகும் வாய்ப்பு 100 பேரில் 2 பேருக்கும் குறைவு. இது நல்ல பாதுகாப்புதான்.

ஆனால் மூன்றில் ஒன்று உடைந்தாலும் அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது. ‘இரண்டு சரியா இருக்கே’ என்று பாதி மதிப்பெண் போடுவதற்கு இங்கே வழியில்லை.

தொடக்கத்திலிருந்தே பவுடர் பால் கொடுப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பே இல்லை. அவர்களில் சிலருக்கு டெலிவரியான 25வது நாளிலேயே கருமுட்டை வெளிவந்தது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பால் கொடுக்காதவர்கள் மூன்று வாரத்திலிருந்தே கருத்தடை பற்றி யோசிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஒருவரின் காலண்டரை எடுத்துப் பார்ப்போம்

ஒரு உதாரணப் பெண்ணை வைத்து நாள் நாளாகப் பார்த்தால் இது தெளிவாகும். வயது 29, சென்னை ஓஎம்ஆரில் வேலை. ஜனவரி 10ம் தேதி முதல் குழந்தை, நார்மல் டெலிவரி. குழந்தைக்கு முழுக்கத் தாய்ப்பால்.

முதல் வாரங்களில் ரத்தக்கசிவு இருக்கும். வீட்டில் பெரியவர்கள் ‘அழுக்கு ரத்தம் போகுது’ என்பார்கள். உண்மையில் அது அழுக்கு இல்லை. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஆறுவதாலும், கர்ப்பப்பையின் உள்படலம் கழிவதாலும் வருவது. முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை என மாறி நான்கிலிருந்து ஆறு வாரங்களில் நின்றுவிடும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது உண்டு. இரண்டாவது வாரம் வாக்கில் ஓரிரு முறை மறுபடி சிவப்பாகப் போவதைப் பார்த்து, ‘அதுக்குள்ள பீரியட்ஸா?’ என்று பயப்படுபவர்கள் நிறைய. நஞ்சுக்கொடி இருந்த இடத்தின் பொருக்கு உதிரும்போது அப்படி நடக்கும்.

இந்தப் பெண்ணுக்கு பிப்ரவரி முதல் வாரத்தில் கசிவு நின்றது. பிப்ரவரி 24ம் தேதி, அதாவது 45வது நாள், இரண்டு நாட்களுக்கு லேசாக ரத்தம் பட்டது. இது பீரியட்ஸா? லாம் கணக்கில் இல்லை. முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் 56 நாட்களுக்குள் வரும் கசிவை பீரியட்ஸாக எடுத்துக்கொள்வதில்லை. இவருக்கு 56வது நாள் மார்ச் 7. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் ரத்தம் பட்டால், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் பீரியட்ஸ் திரும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் எதுவும் இல்லை. மூன்று நிபந்தனையும் சரி. கவலையும் இல்லை.

ஜூன் மாதம் லீவ் முடிகிறது. சட்டப்படி 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால் இவர் அதில் நான்கு வாரத்தை டெலிவரிக்கு முன்பே எடுத்துவிட்டார். மீதி 22 வாரம் ஜூன் 13ல் முடிந்து, 15ம் தேதி வேலைக்குச் சேர்கிறார். குழந்தைக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஏழு மணிக்குத்தான் வீடு. அலுவலகத்தில் ஒருமுறை பம்ப் செய்து எடுத்து வருகிறார். மறுநாள் பகலில் அம்மா அதைப் பாலாடையில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்கிறார். பவுடர் பால் ஒரு சொட்டுகூட இல்லை.

‘முழுக்கத் தாய்ப்பால்தானே, பீரியட்ஸும் வரலை, ஆறு மாசமும் ஆகலை’ என்று இவர் நினைப்பது இயல்பு. கணக்கு தப்பும் இடமும் இதுதான். குழந்தைக்குக் கிடைப்பது தாய்ப்பால்தான், அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் பத்து மணி நேரத்துக்கும் மேல் குழந்தை மார்பில் உறிஞ்சவில்லை. பம்ப் பாலை எடுத்துவிடும். மூளைக்குப் போக வேண்டிய செய்தியை குழந்தை அளவுக்குத் தரும் என்று நம்ப முடியாது. வேலைக்குப் போய், பாலைப் பிழிந்து வைத்துக் கொடுத்த பெண்களிடம் சிலி நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. 2000ல் வெளியான அதன்படி, ஆறு மாதத்தில் கர்ப்பமானவர்கள் 100க்கு சுமார் 5 பேர். குழந்தையுடனேயே இருந்து பால் கொடுப்பவர்களின் கணக்கைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, இந்தப் பெண்ணுக்கு லாம் பாதுகாப்பு ஜூலை 10ல் முடியவில்லை. ஜூன் 15ம் தேதியே முடிந்துவிட்டது.

(50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 சட்டத்திருத்தம் சொல்கிறது. அது எல்லா இடத்திலும் நடந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு மாதிரி இருந்திருக்கும்.)

இனி இவர் காலண்டரில் வந்த தேதிகள்: ஜூன் 29 - மூன்று நாள் லேசான கசிவு. ஆகஸ்ட் 14 - நல்ல போக்கு, ஆறு நாள். செப்டம்பர் 9. அக்டோபர் 15. இடைவெளிகள் 46, 26, 36 நாட்கள்.

கர்ப்பத்துக்கு முன் 28 நாளுக்கு ஒருமுறை ‘டான்’ என்று வந்தவருக்கு இதைப் பார்த்தால் என்னமோ கெட்டுவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் இது உடல் பழைய தாளத்துக்குத் திரும்பும் வழக்கமான பாதைதான்.

ஏன் இப்படித் தாறுமாறாக?

தாளம் ஒரே நாளில் திரும்புவதில்லை. குழந்தை உறிஞ்சுவது குறையக் குறைய, சினைப்பையில் முட்டை கொஞ்சம் வளரும். ஆனால் வெடித்து வெளிவரும் அளவுக்குப் போகாமல் நின்றுவிடும். அதற்குள் கர்ப்பப்பையின் உள்படலம் கொஞ்சம் வளர்ந்திருக்கும். தாங்க முடியாமல் ஒருநாள் அது உதிரும். இதுதான் முட்டை வராத ரத்தப்போக்கு. லேசாகவும் இருக்கலாம், திடீரென்று அதிகமாகவும் இருக்கலாம்.

அடுத்த கட்டத்தில் முட்டை வரும். ஆனால் அதற்குப் பின் கருவைத் தாங்க உதவும் ஹார்மோன் போதிய அளவு, போதிய நாள் சுரக்காது. அதனால் அந்த மாதச் சுழற்சி குட்டையாக முடியலாம். இப்படி ஓரிரு முறை நடந்த பிறகு பழைய ஒழுங்கு வரும்.

எல்லோருக்கும் இதே வரிசைதான் என்றால் பிரச்னையே இல்லை. முதல் பீரியட்ஸ் ஒரு எச்சரிக்கை மணி மாதிரி வந்துவிடும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சிலருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் நேராக முட்டை வந்துவிடுகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டிய பிறகு இப்படி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. முட்டை முதலில், பீரியட்ஸ் அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. நடுவில் கர்ப்பம் நின்றுவிட்டால் பீரியட்ஸ் வரவே வராது. ‘டெலிவரிக்கு அப்புறம் எனக்கு வரவே இல்லை, எப்படி கர்ப்பம் ஆச்சு?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஆப் சொல்லும் ‘பாதுகாப்பான நாள்’ கணக்கும் இங்கே உதவாது. ஆப் பழைய மாதங்களின் சராசரியை வைத்து அடுத்த மாதத்தை ஊகிக்கிறது, அவ்வளவுதான். நம் உதாரணத்தில் ஜூன் 29ஐ வைத்து, ஜூலை 13 வாக்கில் முட்டை வரும் என்று ஆப் சொல்லியிருக்கும். அந்த 46 நாளில் முட்டை வந்திருந்தால், ஆகஸ்ட் 14லிருந்து சுமார் இரண்டு வாரம் பின்னால் எண்ண வேண்டும். அது ஜூலை 31, ஆகஸ்ட் 1 பக்கம் வருகிறது. ஆப் ‘பாதுகாப்பு’ என்று காட்டிய நாட்களுக்கு நடுவே. அடுத்த சுழற்சியில் ஆகஸ்ட் 26 வாக்கில், அதற்கடுத்து அக்டோபர் 1 வாக்கில். பீரியட்ஸ் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடிகிறது. முன்கூட்டியே சொல்ல ஆளில்லை.

ஆப்பில் தேதி குறிப்பது வீண் என்றில்லை. தேதியையும் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அது ரொம்பவே கைகொடுக்கும். ஆப் காட்டும் பச்சை நாளை நம்பாமல் இருந்தால் போதும்.

17 நாள் லேட் ஆனால் என்ன செய்வது?

ஆகஸ்ட் 13ம் தேதி நம் உதாரணப் பெண் இருந்த இடம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஓரிரு முறை கருத்தடை இல்லாமல் உறவு நடந்திருக்கிறது. அப்படியென்றால் முதல் வேலை ஊகிப்பது அல்ல, மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கி டெஸ்ட் செய்வது. பால் கொடுப்பது டெஸ்ட் முடிவை மாற்றாது. கடைசியாக உறவு நடந்து மூன்று வாரம் ஆன பிறகு, காலை முதல் சிறுநீரில் செய்தால் முடிவை நம்பலாம். அதற்கு முன் செய்து ஒற்றைக் கோடு வந்தால் மூன்று வாரம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். இவருக்கு ஒற்றைக் கோடு வந்தது. மறுநாளே பீரியட்ஸ் வந்துவிட்டது.

தவிர்க்க வேண்டிய ஒன்று, ‘பீரியட்ஸ் வர மாத்திரை குடுங்க’ என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது. டெஸ்ட் செய்யாமல் அதைப் போடுவது கர்ப்பம் இருந்தால் தேவையில்லாத குழப்பம். கர்ப்பம் இல்லாவிட்டாலும், பால் கொடுப்பதால் கர்ப்பப்பைப் படலமே வளராமல் இருக்கும் நிலையில் அந்த மாத்திரை போட்டும் ஒன்றும் வராமல் போகலாம். உதிர்வதற்கு உள்ளே எதுவும் இல்லையே. ‘மாத்திரை போட்டும் வரலை’ என்ற பயம்தான் மிச்சம். எள்ளுருண்டை, பப்பாளி எல்லாம் சாப்பிடுவதற்கு நன்றாகவே இருக்கும். பீரியட்ஸை வரவழைக்கும் மருந்தாக அவற்றை நம்ப வேண்டாம்.

இரண்டு கோடு வந்துவிட்டால்? கடைசி பீரியட்ஸ் தேதியை வைத்து வாரம் எண்ண முடியாது என்பதால் சீக்கிரமே ஸ்கேன் செய்து கருவின் வயதைப் பார்க்க வேண்டும். முந்தைய டெலிவரி சிசேரியன் என்றால் இது இன்னும் அவசரம். கரு பழைய தையல் தழும்பில் போய் ஒட்டியிருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். குழந்தை பிறந்து 24 மாதமாவது இடைவெளி விட்டு அடுத்த கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தால், கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தைக் கலைக்க 20 வாரம் வரை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. அதை டாக்டரிடம்தான் செய்ய வேண்டும். வாரம் தெரியாமல் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து.

மாத்திரையே பீரியட்ஸைக் குழப்பலாம்

‘டெலிவரிக்கு அப்புறம் இர்ரெகுலரா இருக்கு’ என்று போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘கருத்தடை எதுவும் எடுக்கறீங்களா?’ என்பது. பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை என்று கொடுக்கப்படுபவை ஒவ்வொன்றும் பீரியட்ஸை ஒவ்வொரு விதமாக மாற்றும்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் ‘அந்தரா’ ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. பால் கொடுப்பவர்களுக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு போடுவார்கள். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் படும், பிறகு பீரியட்ஸே நின்றுபோகலாம். நிறுத்திய பிறகும் பழையபடி திரும்பப் பல மாதங்கள் ஆகும். ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. அது பீரியட்ஸ் இடைவெளியை நீட்டிவிடும். காப்பர்-டி தேதியை மாற்றாது, ஆனால் முதல் சில மாதங்கள் போக்கும் வலியும் கூடலாம். அவசரத்துக்குப் போடும் 72 மணி நேர மாத்திரையைப் பால் கொடுக்கும்போதும் போடலாம். ஆனால் அடுத்த பீரியட்ஸ் தேதி முன்னே பின்னே போகும்.

வழக்கமாகக் கடையில் கிடைக்கும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் மட்டும் வேண்டாம். பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை பொதுவாக அவற்றைத் தவிர்க்க வேண்டும். டெலிவரியான முதல் ஆறு வாரத்தில் ரத்தம் உறையும் ஆபத்தும் இருப்பதால் கண்டிப்பாகக் கூடாது. ‘பீரியட்ஸை ரெகுலர் பண்ண’ என்று தோழி தரும் அட்டை பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

பீரியட்ஸ் வந்தால் பால் கெட்டுவிடுமா?

இல்லை. ‘தீட்டு நேரத்துல பால் குடுக்காதே, குழந்தைக்கு வயித்தால போகும்’ என்று இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்கள். பாலுக்கு எதுவும் ஆவதில்லை. சிலருக்கு பீரியட்ஸ் வருவதற்கு முந்தைய சில நாட்களில் பால் கொஞ்சம் குறைவது போல இருக்கும், மார்பு வலிக்கும், குழந்தை சிணுங்கும். போக்கு தொடங்கி இரண்டொரு நாளில் சரியாகிவிடும். இன்னும் இரண்டு தடவை கூடுதலாகப் பால் கொடுத்தால் போதும். அந்த நாட்களில் பாலை நிறுத்தி பவுடருக்கு மாறுவதுதான் உண்மையிலேயே பாலைக் குறைத்துவிடும்.

கவனிக்க வேண்டியது தாயின் ரத்தத்தைத்தான். அரசு திட்டத்தில் டெலிவரிக்குப் பிறகும் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பலர் வீட்டுக்கு வந்த மாதத்திலேயே அதை மறந்துவிடுகிறார்கள். பீரியட்ஸ் திரும்பி, போக்கும் அதிகமாக இருந்தால், படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்குக் குழந்தை தூங்க விடாதது மட்டும் காரணமாக இருக்காது. ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் வாரங்களில் பெரிய கட்டிகள், காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றம் இருந்தால் உள்ளே நஞ்சுக்கொடியின் துண்டு தங்கியிருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். இவை பீரியட்ஸ் கணக்கில் சேராது.

இன்னொரு பக்கம், வராமலேயே இருப்பது. பால் கொடுக்கும்வரை ஒரு வருடம், ஒன்றரை வருடம் வராமல் இருந்தாலும், கர்ப்பம் இல்லை என்று உறுதியானால், அதை நோயாகப் பார்ப்பதில்லை. பாலை முழுக்க நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் வரவில்லை என்றால் தைராய்டு, பிசிஓஎஸ் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். டெலிவரிக்குப் பின் தைராய்டு தடுமாறுவது அரிதல்ல. படபடப்பு, எடை சட்டென்று குறைவது, பிறகு களைப்பு, முடி கொட்டுவது என்று வரும். இவற்றில் பாதியை ‘பச்சை உடம்பு, அப்படித்தான்’ என்று வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள்.

அரிதான, ஆனால் தவறவிடக் கூடாத ஒன்றும் உண்டு. டெலிவரியின்போது ரத்தம் மிக அதிகமாகப் போய், அதன்பின் பாலே சுரக்கவில்லை, மாதங்கள் ஆகியும் பீரியட்ஸும் வரவில்லை, உடம்பு எப்போதும் சோர்வு என்றால் மூளையின் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். ஷீஹன் சிண்ட்ரோம் என்று பெயர். ‘பால் இல்லாத ராசி’ என்று வருடக்கணக்கில் விட்டுவிடாமல், டெலிவரியில் எவ்வளவு ரத்தம் போனது, ரத்தம் ஏற்றினார்களா என்பதை டாக்டரிடம் சொன்னால் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

கருத்தடை பற்றிக் கேட்பதற்குத் தனியாக அப்பாயின்ட்மென்ட் வாங்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட 6, 10, 14வது வாரங்களில் எப்படியும் போகத்தான் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தால் அதே கட்டடத்தில் செவிலியரிடமே கேட்டுவிடலாம். 14வது வாரத்தில் கேட்டிருந்தால் நம் உதாரணப் பெண்ணுக்கு வேலைக்குச் சேர இரண்டு மாதம் மீதம் இருந்திருக்கும். அவர் அக்டோபர் பீரியட்ஸ் முடிந்த வாரத்தில் போய் காப்பர்-டி போட்டுக்கொண்டார். நவம்பரில் 31வது நாள் வந்தது, போக்குதான் வழக்கத்தைவிட ஒரு நாள் கூடுதல்.